மூடியில் வைத்த பொரியல்: ஒரு மதியச் சாப்பாட்டுக் காதல் கதையைக் கட்டுவது

அலுவலகத்தில் கூச்ச சுபாவமுள்ள இருவர். தினமும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நட்பு மெல்லக் காதலாகிறது. எழுத உட்காருகிற பலருக்கும் கைக்கு எட்டுகிற கரு இது. ஆனால் பெரும்பாலான கதைகள் இரண்டாவது மதியத்திலேயே படுத்துவிடும். அவள் ஒரு வாய் கொடுப்பாள், அவன் "இவ்வளவு ருசியா நான் சாப்பிட்டதே இல்லை" என்பான், அதோடு வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடும். மிச்சமிருக்கிற பக்கங்களில் நடக்க ஒன்றுமே இருக்காது.

கூச்சப்படுகிறவர்கள் பேச மாட்டார்கள், தொட மாட்டார்கள், நேராகப் பார்க்கவும் மாட்டார்கள். அப்படியானால் அவர்களுக்கு நடுவே மாறிக்கொண்டே போவது எது? நம் ஊர்ச் சாப்பாட்டு மேஜையில் அதற்கு ஒரு தெளிவான அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது: எச்சில். யார் யாருக்கு எந்த நேரத்தில், எதனால் எடுத்து, எதன் மேல் வைக்கலாம் என்பதில் நமக்கு எழுதாத சட்டம் உண்டு. இந்தக் கதையை அந்தச் சட்டத்தின் மேல் கட்டினால் "காதல்" என்ற சொல் ஓரிடத்திலும் வேண்டியிருக்காது. ஒரு கதையை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து கட்டிப் பார்க்கலாம்.

இடம், கும்பகோணம் பக்கம் ஒரு சார்நிலைக் கருவூலம். கருவூலத்தை எடுப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே வேலைக்கு ஒரு தாளம் இருக்கிறது. மாதத்தின் மூன்றாவது வாரத்தில் சம்பளப் பில்கள் வந்து விழும், அது முடிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம், மார்ச் கடைசியில் சாப்பிடவே நேரம் இருக்காது. கதைக்குத் தேவையான கடிகாரத்தை அலுவலகமே கொடுத்துவிடுகிறது. அவன் செந்தில்நாதன், முப்பத்து நான்கு வயது, வாடகை அறையில் தனியாக இருக்கிறான், தானே சமைக்கிறான். அவள் வசந்தி, முப்பத்தொன்று, அம்மாவுடன் இருக்கிறாள், வீட்டில் அம்மா சமையல். அவள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. அவன் சாப்பிடுவான்.

முதல் சிக்கல், இவர்களை ஒரே மேஜைக்குக் கொண்டுவருவது. கூச்சக்காரர்கள் தாங்களாக வந்து சேர மாட்டார்கள். "சேர்ந்து சாப்பிடலாமா" என்று ஒருவர் கேட்ட உடனே அவர் கூச்சக்காரர் இல்லை என்றாகிவிடும். அதனால் கதை தொடங்கும்போதே அவர்கள் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் நான்கு பேராக. பதிவறையின் ஓரத்தில் ஒரு பழைய மரமேஜை, நான்கு நாற்காலி. மற்ற இருவரும் வாயாடிகள். அவர்கள் பேச்சின் நிழலில் இவர்கள் இரண்டு வருடமாக நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் மாத மாறுதலில் அந்த இரண்டு பேரும் வெவ்வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். கதை அடுத்த நாள் மதியம் ஒன்றரை மணிக்குத் தொடங்குகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு லாபம் இருக்கிறது. நான்கு பேர் மேஜையில் இவர்கள் குறுக்காக, மூலைக்கு மூலை உட்கார்ந்திருந்தார்கள். இருவர் போன பிறகும் அதே நாற்காலியில்தான் உட்காருவார்கள். எதிரே நகர்ந்தால் அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடும், தனியாக எழுந்து போனால் அதற்கும் ஓர் அர்த்தம் வந்துவிடும். ஆகவே இரண்டு காலி நாற்காலிகளுக்குக் குறுக்கே, யாரும் பேசாத ஒரு சாப்பாடு. முதல் பக்கத்தில் இதை மட்டும் எழுதினால் போதும். அவன் டிபன் பாக்ஸின் கிளிப் விடுபடுகிற சத்தம் முன்பு யார் காதிலும் விழுந்ததில்லை, இன்று விழுகிறது. இதற்கு மேல் உள்மன வர்ணனை எதுவும் வேண்டாம்.

அடுத்தது பரிமாற்றம். இங்கேதான் சட்டம் வருகிறது. அலுவலகச் சாப்பாட்டில் பகிர்தல் எப்போது நடக்கும்? கை சாதத்தில் படுவதற்கு முன்னால். பாக்ஸைத் திறந்ததும், சாப்பிட ஆரம்பிக்கும் முன்பாக, தனி ஸ்பூனால் பொரியலையோ கூட்டையோ எடுத்து அடுத்தவர் மூடியில் வைப்பார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் அந்தப் பாக்ஸ் எச்சில். பிறகு "நல்லாருக்கு, கொஞ்சம் எடுத்துக்கோங்க" என்று நீட்டுவது குடும்பத்துக்குள்ளும் நெருங்கிய தோழிகளுக்குள்ளும்தான். முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே அது நடந்தால் நம் வாசகருக்கு உடனே உறுத்தும். அந்த உறுத்தலைக் கடைசி வரை சேமித்து வைக்க வேண்டும். முதல் பரிமாற்றத்திலேயே "அவன் பாக்ஸிலிருந்து அவள் எடுத்தாள்" என்று எழுதுகிறவர், கையிலிருக்கிற ஒரே துருப்புச் சீட்டை முதல் ஆட்டத்திலேயே இறக்கிவிடுகிறார்.

எனவே முதல் பரிமாற்றம் ஊறுகாய் அளவில் இருக்கட்டும். கதையில் அது இப்படி வரலாம்:

*மூன்றாம் நாள் வசந்தி பாக்ஸைத் திறந்தாள். கத்தரிக்காய் பொரியல். வழக்கமாக நான்கு பேருக்குப் போக வேண்டியது. அம்மாவுக்கு மாறுதல் விஷயத்தைச் சொல்லியிருந்தாள், அம்மாவின் கைதான் இன்னும் மாறவில்லை. ஸ்பூனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.*

*"சார், மூடி."*

*அவன் மூடியை மேஜை மேல் நகர்த்தினான். பாதி தூரம் வந்து நின்றது. மீதித் தூரத்துக்கு அவள் எழுந்தாள்.*

இதில் கொடுப்பதற்கான காரணம் பிரியம் இல்லை, பொரியல் மிஞ்சியிருப்பது. கூச்சக்காரர்களின் ஒவ்வொரு செயலுக்கும் இப்படி வெளியே சொல்லிக்கொள்ள ஒரு சப்பைக் காரணம் கைவசம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் நாளாக நாளாக மெலிந்துகொண்டே போவதுதான் கதையின் நடை. ஜூலையில் "மிஞ்சிப் போயிடும்", ஆகஸ்டில் "அம்மா கொடுத்துவிட்டாங்க", ஐப்பசியில் காரணமே சொல்லாமல் வைப்பது. வாசகர் இந்தத் தேய்வை எண்ணிக்கொண்டு வருவார், எழுதுகிறவர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

யார் சமைத்தது என்பதை நிறையக் கதைகள் யோசிப்பதே இல்லை. வசந்தி கொண்டுவருவது அம்மாவின் சமையல் என்றால் செந்தில்நாதன் பாராட்டுவது யாரை? "நல்லாருக்கு மேடம்" என்று அவன் முதன்முதலாக வாயைத் திறக்கும்போது அவள் "அம்மா செஞ்சது" என்றுதான் சொல்ல முடியும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இந்தச் சின்ன ஏமாற்றம் கதைக்குப் பெரிய வசதி. அவள் காலையில் அடுப்படிக்குப் போகத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. அம்மாவுக்கு முதலில் தெரிவது மகளின் முகத்தில் இல்லை, அரிசியில். இரண்டு பேருக்கு ஒன்றரை ஆழாக்கு போதுமாக இருந்த வீட்டில் திடீரென்று இரண்டு ஆழாக்கு போகிறது. "என்னடி, ஆபீஸ்ல அவ்வளவு பசிக்குதா?" என்று அம்மா கேட்பது ஒரு வரி. அதற்கு மேல் அம்மாவை இந்தக் கதைக்குள் இழுத்தால் அவளே கதையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

வசந்தி முதலில் சமைப்பது வெண்டைக்காய் என்று வைத்துக்கொள்ளலாம். அது சொதப்ப வேண்டும், ஆனால் எழுத்தாளர் இஷ்டத்துக்கு இல்லை, வெண்டைக்காயின் குணப்படி. கழுவிய ஈரம் போகத் துடைத்துவிட்டு நறுக்கி, மூடாமல் வதக்கினால் வழவழப்பு போய்விடும். இதெல்லாம் அவள் சரியாகவே செய்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சூட்டோடு பாக்ஸில் போட்டு மூடுகிறாள். உள்ளே ஆவி நீராகி மேலே சொட்டி, மதியம் திறந்தால் பொரியல் நீர்த்துப் பிசுபிசுக்கிறது. இந்த இடத்தில் அவன் முகம் சுளிக்காமல் முழுவதையும் சாப்பிட்டான் என்று எழுதக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதினால் அவன் நல்லவன் என்று சான்றிதழ் கொடுத்ததாக ஆகும், அவ்வளவுதான். தானே சமைக்கிறவன் வேறு மாதிரி நடந்துகொள்வான்:

*"சூட்டோட மூடிட்டீங்களா?"*

*வசந்தி நிமிர்ந்தாள். "பஸ் வந்துருச்சு."*

*"நானும் முதல்ல அப்படித்தான். இப்ப தட்டுல பரப்பி ஃபேனுக்குக் கீழ வெச்சுட்டுக் குளிக்கப் போயிடுவேன்."*

*இரண்டு வருடத்தில் அவன் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான்.*

செய்முறைப் பேச்சுதான் இவர்களுடைய காதல் பேச்சு. அவள் சமைத்தாள் என்று அவன் கண்டுபிடித்ததும், அவன் காலையில் எப்படி இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்ததும் அந்த மூன்று வரியில் நடந்துவிட்டது. ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் உப்பு, பஸ், பால்காரர் அளவிலேயே நிற்கட்டும். "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்ற கேள்வியை எங்கே எழுதியிருந்தாலும் அடித்துவிடுங்கள். கூச்சக்காரர் அதைக் கேட்க மாட்டார், மூடியில் எது மிச்சமாகிறது என்று பார்த்துக்கொள்வார்.

இப்போது முட்டை. தமிழ்நாட்டு அலுவலகத்தில் யார் பாக்ஸிலிருந்து யார் சாப்பிடுகிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது. சைவம், அசைவம் என்று சொல்லிக்கொண்டு மேஜைகள் பிரிவது அதன் ஒரு முகம். இந்தக் கதையில் அதைக் கண்டுகொள்ளாமல் போனால் கதை பொய்யாகிவிடும். விவாதமாக்கினால் இந்த இரண்டு பேரும் பேசாத பேச்சைப் பேச வேண்டிவரும். எனவே அதைப் பொருளாக்கி மேஜை மேல் வைப்பதுதான் வழி. நான்கு பேராக இருந்த காலத்தில் செந்தில்நாதன் புதன்கிழமைதோறும் முட்டைப் பொரியல் கொண்டு வருவான், அதை வசந்தி பார்த்திருக்கிறாள். ஜூனுக்குப் பிறகு அது வரவில்லை. வாசகர் இதைக் கவனித்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு புதன்கிழமையை, உருளைக்கிழங்கு வறுவலோடு, போகிறபோக்கில் காட்டியிருந்தால் போதும். புரட்டாசி வருகிறது, அலுவலகத்தில் பாதிப் பேர் கவுச்சியை விடுகிறார்கள், அதில் இவனும் ஒருவன் என்று அவள் நினைக்கிறாள். ஐப்பசி பிறக்கிறது. பக்கத்துப் பிரிவில் மீன் குழம்பு வாடை திரும்பிவிட்டது.

*"புரட்டாசி முடிஞ்சிருச்சே."*

*"ஆமா."*

*"முட்டை கொண்டு வரலையே?"*

*அவன் பாக்ஸைப் பார்த்தான். "மறந்துட்டேன்."*

*ஜூனிலிருந்து எத்தனை புதன்கிழமை என்று அவள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.*

கதையின் நடுப்புள்ளி இதுதான். ஒருவர் தனக்காக எதையோ விட்டிருக்கிறார் என்று மற்றவருக்குத் தெரிகிறது, அதுவும் அவர் வாயால் சொல்லாமல். இதற்கு வசந்தி என்ன செய்வாள்? நன்றி சொல்ல மாட்டாள். இரண்டு நாள் கழித்து, தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டே, "வாடை எனக்கு ஒண்ணும் பண்ணாது" என்பாள். அடுத்த புதன்கிழமை அவன் முட்டை கொண்டுவருவான், மூடியைப் பாதி திறந்து மறைத்துக்கொண்டு சாப்பிடுவான். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரும். கதையில் அவர்கள் சேர்ந்து சிரிப்பது இந்த ஒரே இடத்தில் இருக்கட்டும். இன்னொன்று, அவள் முட்டையைச் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் காதலுக்கு அத்தாட்சி பழக்கத்தை விடுவது என்றாகிவிடும். கதை சொல்ல வருவது அதுவல்ல.

கார்த்திகை, மார்கழி, தை மூன்றையும் ஒரே பத்தியில் தள்ளிவிடலாம். அந்தப் பத்திக்குள் ஒரு மழை நாளில் ஜன்னலோரச் சாரல் அவன் நாற்காலியை நனைத்து, அவன் அவளுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தது, மறுநாள் வெயிலடித்தும் அங்கேயே உட்கார்ந்தது, இது இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். பொங்கலுக்கு அவன் ஊருக்குப் போய் ஒரு வாரம் வராத கட்டத்தை விரித்து எழுத ஆசை வரும். பிரிவு, ஏக்கம் என்று அது எல்லாக் கதைகளிலும் வருவது. நான் வெட்டிவிடுவேன்.

உச்சம் மார்ச் 31. நிதியாண்டின் கடைசி நாள், அன்று பாஸாகாத பில்லுக்கு அந்த ஆண்டின் ஒதுக்கீடு போய்விடும். கருவூலத்தில் யாருக்கும் ஒன்றரை மணிச் சாப்பாடு கிடையாது. சாப்பாடு நான்கு மணிக்குத் தள்ளிப்போகிறது. கதைக்குத் தேவையான விபத்தைத் தயிர் சாதம் பார்த்துக்கொள்ளும்.

வெளியே கொண்டுபோகும் தயிர் சாதத்தைத் தயிர் மட்டும் விட்டுப் பிசைய மாட்டார்கள். குழைய வடித்த சாதத்தை மசித்து, ஆறவைத்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரு ஸ்பூன் தயிரை மட்டும் சேர்ப்பார்கள். காலை ஏழரைக்குப் பிசைந்தால் பாக்ஸுக்குள்ளேயே பால் உறைந்து, மதியத்துக்குப் புளிக்காத தயிர் சாதமாகியிருக்கும். எவ்வளவு உறை என்பதைப் பருவம் முடிவு செய்யும். மார்கழிக் குளிரில் ஒரு ஸ்பூன் விட்டாலும் மதியம் பால் சாதமாகவே கிடக்கும், அதனால் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். பங்குனி வெயிலில் அதே அளவு போட்டால் ஒன்றரை மணிக்குத் தாங்கும், நான்கு மணிக்குத் தாங்காது. செந்தில்நாதனுக்கு மார்கழியில் கை பழகிவிட்டது, அன்றைக்கும் இரண்டு ஸ்பூன் போட்டுவிட்டான். வசந்தி கொண்டு வந்தது புளியோதரை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்தது ராத்திரி வரை கெடாது. எந்தப் பாக்ஸ் கெடும், எது தாங்கும் என்பதில் எழுத்தாளர் கை வைக்கவில்லை, இரண்டும் அதனதன் போக்கில் நடக்கின்றன.

இன்னும் ஒன்றே ஒன்று மீதி. அவளுடைய பாக்ஸ் எச்சிலாகியிருக்க வேண்டும். மூன்றரை மணிக்குப் பசி தாங்காமல் தனியாக வந்து நாலு வாய் சாப்பிட்டிருக்கிறாள், அதற்குள் ஒரு பில்லுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், மூடி வைத்துவிட்டுப் போய்விட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறாள்.

*செந்தில்நாதன் திறந்தான். புளித்த வாடை மேஜையைத் தாண்டிப் போனது. சாதம் ஓரத்தில் நீர் விட்டிருந்தது. மூடிவிட்டான்.*

*"டீ குடிச்சுக்கறேன்," என்றான்.*

*வசந்தி தன் பாக்ஸைப் பார்த்தாள். ஒரு பக்கம் குழிந்திருந்தது, விரல் பட்ட இடம். ஸ்பூன் அவள் கைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. பாக்ஸை மேஜை நடுவுக்கு நகர்த்தினாள்.*

*"நான் சாப்பிட்டது."*

*"தெரியுது."*

*"கையாலயே எடுத்துக்கங்க."*

இவ்வளவுதான். "அவன் விரல் அவள் விரலில் பட்டது" என்று இங்கே ஒரு வரி சேர்த்தால் மொத்தமும் கெடும். எச்சில் பார்க்காமல் சாப்பிடுவதே இந்த மேஜையில் தொடுவதைவிடப் பெரிய விஷயம். அந்தச் சட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே வாசகருக்குப் பழக்கியிருந்தால் "நான் சாப்பிட்டது" என்ற வரி தானாகக் கனக்கும். பழக்காவிட்டால் பசித்தவனுக்குச் சோறு போட்ட கதையாக மட்டும் நிற்கும். எழுதி முடித்ததும் இந்தக் காட்சி சப்பென்று இருந்தால் கோளாறு இங்கே இல்லை, ஸ்பூனில் இருக்கிறது. பின்னால் போய்ப் பாருங்கள். கத்தரிக்காயிலும் வெண்டைக்காயிலும் ஸ்பூன் கண்ணுக்குத் தெரிகிறதா, கை படும் முன்பே பரிமாறினார்கள் என்பது தெரிகிறதா என்று.

விளித்துப் பேசும் முறையையும் இதோடு இணைத்து ஓடவிட வேண்டும். தொடக்கத்தில் "சார்", "மேடம்". வெண்டைக்காய்க்குப் பிறகு அந்தச் சொற்கள் குறையும், ஆனால் அந்த இடத்தில் பெயர் வந்து உட்காராது. பெயரும் இல்லாமல் "மேடம்" என்றும் இல்லாமல் மொட்டையாகப் பேசுகிற நீண்ட காலம் ஒன்று வரும். நம்மூரில் யாரையாவது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவிர்க்கிறோம் என்றால் உறவு மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மார்ச் 31 வரை "ங்க" போகவே கூடாது. இவர்கள் "நீ"க்கு வர இன்னும் வருடங்கள் ஆகும்.

முடிவுக்கு மார்ச் காட்சிக்குப் பின்னால் ஒரு சின்னப் பத்தி போதும். ஏப்ரல் முதல் வாரம், வேலை ஓய்ந்த மதியம், ஒன்றரை மணி. இருவரும் பாக்ஸைத் திறக்கிறார்கள், சாப்பிட ஆரம்பிக்கிறார்கள், பாதியில் அவன் அவள் பாக்ஸிலிருந்து பொரியல் எடுக்கிறான், பேச்சு மின்விசிறியைப் பற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. வாசகர் கவனிக்காமல்கூடத் தாண்டிப் போகலாம், அந்த அளவுக்குச் சாதாரணமாக இருக்க வேண்டும். திருமணப் பேச்சு, அம்மாவின் சம்மதம், முட்டை அந்த வீட்டுக்குள் வருமா என்ற கேள்வி எல்லாம் இதற்கு அப்புறம் உண்டு, ஆனால் அவை நடப்பது வேறு மேஜையில், பேசத் தெரிந்தவர்கள் நடுவில். இந்தக் கதைக்கு அவை ஆகாது.

அளவு இரண்டாயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் அடங்கும். ஆறு சாப்பாட்டை முழுதாகக் காட்டலாம்: மாறுதலுக்கு மறுநாள், கத்தரிக்காய், வெண்டைக்காய், ஐப்பசிப் புதன், மார்ச் 31, ஏப்ரல். இதில் வெண்டைக்காயும் மார்ச்சும்தான் நீளமானவை, மற்றவை முக்கால் பக்கம். தலைப்பில் "எச்சில்" என்று வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், கதை எங்கே போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடும். "ஒன்றரை மணி" என்று இருந்தால் போதும், மார்ச்சில் அது நான்கு மணியாகும்போது அந்தத் தலைப்புக்கும் ஒரு வேலை கிடைக்கும்.